22 பைட் எப்படி 88 ஆகிறது: ஒரு ‘வணக்கம்’ இறங்கி ஏறும் அடுக்குகள்

கணினி வலையமைப்புப் பாடத்தின் முதல் வாரத்திலேயே ஏழடுக்கு ஓஎஸ்ஐ மாதிரியின் ஸ்லைடு வந்துவிடும். அடுக்குக்கு ஒன்றாக இடப்பக்கம் ஏழு பெட்டிகள், வலப்பக்கம் ஏழு பெட்டிகள், நடுவே மூன்றே பெட்டிகளோடு ஒரு ரௌட்டர். செய்தி இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்கு, தன் குறிப்புகள் அடங்கிய ஒரு ஹெடரை ஒட்டி அனுப்புகிறது. வலப்பக்கம் ஏறும்போது அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. பார்க்கத் தெளிவான படம். ஆனால் உண்மையில் ஒரு செய்தியை அனுப்பி, போய்வரும் பைட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் நிரலில் அதைப் பிடித்து எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கீழே அனுப்பப்போகும் சின்னச் செய்திக்கு ஸ்லைடின்படி 80 பைட் வர வேண்டும். திரையில் நிற்பது 88. இந்த எட்டு பைட் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், படத்தில் வரையாமல் விட்டவை பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும்.

சோதனைக்கு இரண்டு லினக்ஸ் கணினிகளும் ஒரு ரௌட்டரும் இரண்டு ஸ்விட்சுகளும் போதும். அனுப்பும் கணினியின் முகவரி 192.168.1.20. பெறும் கணினி 192.168.2.30. இரண்டும் வேறு வேறு வலையமைப்பு, இரண்டுக்கும் மாஸ்க் /24, அதாவது முகவரியின் முதல் 24 பிட் வலையமைப்பைக் குறிக்கும். நடுவில் உள்ள ரௌட்டருக்கு இடப்பக்கம் 192.168.1.1, வலப்பக்கம் 192.168.2.1. எல்லாம் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் கேபிளில் இணைந்திருக்கின்றன. பெறும் கணினியில் முதல் கட்டளையையும், அனுப்பும் கணினியில் இரண்டாவதையும் இட வேண்டும். nc என்பது டிசிபி இணைப்பு வழியே பைட்டுகளை அனுப்பி வாங்கும் சிறு நிரல்; 5000 அது காத்திருக்கும் போர்ட் எண்.

```
nc -l 5000
echo 'வணக்கம்' | nc -v 192.168.2.30 5000
```

சில லினக்ஸ் பதிப்புகளில் உள்ள nc-க்கு `nc -l -p 5000` என்று கொடுக்க வேண்டியிருக்கும். வயர்ஷார்க் அனுப்பும் கணினியில் ஓடட்டும். எங்கே பிடிக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும்.

மேல் மூன்று பெட்டிகளில் ஹெடர் இல்லை

‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. மெய்யெழுத்துக்கு மேலே வைக்கும் புள்ளி தனிக் குறியீடு என்பதால் எண்ணிக்கை கூடுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 21. `echo` கடைசியில் சேர்க்கும் வரி முடிவுக்கு ஒன்று. மொத்தம் 22 பைட்.

```
e0 ae b5  e0 ae a3  e0 ae 95  e0 af 8d
e0 ae 95  e0 ae ae  e0 af 8d  0a
```

எழுத்தை இப்படிப் பைட்டாக மாற்றுவது ஸ்லைடில் ஆறாவது அடுக்கின் வேலை. உரையாடலைத் தொடங்கி முடிப்பது ஐந்தாவதன் வேலை. படத்தில் இந்த அடுக்குகளுக்கும் தனித்தனி ஹெடர் ஒட்டியிருப்பார்கள். பிடித்த பாக்கெட்டில் அப்படி எதுவும் கிடைக்காது. நான்காவது அடுக்கான டிசிபியின் ஹெடர் முடிந்ததும் அடுத்த பைட்டே e0 தான். காரணம் வரலாற்றில் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. ஏழடுக்கு ஓஎஸ்ஐ மாதிரி ஐஎஸ்ஓ 7498 என்ற தரநிலையாக வெளிவந்தது 1984-இல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றின்மேல் பின்னால் வந்த வரைபடத்தைப் பொருத்திப் பாடம் நடத்துகிறோம். அதனால் மேல் மூன்று பெட்டிகளின் வேலையையும் நிரல் எழுதுபவரே செய்துகொள்கிறார். இன்ன குறியாக்கத்தில் அனுப்புகிறேன் என்று சொல்ல இங்கே ஹெடர் எதுவும் இல்லை. பெறும் நிரல் இந்தப் பைட்டுகளை விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டால் திரையில் `à®µà®£à®•` என்று தொடங்கும் குப்பை தெரியும். தமிழ் வலைப்பக்கங்களில் `à®` திரும்பத் திரும்ப வந்தால் பிழை கேபிளிலும் இல்லை, டிசிபியிலும் இல்லை. பைட்டுகள் பத்திரமாக வந்துசேர்ந்துவிட்டன, படித்த விதம்தான் தப்பு.

செய்திக்கு முன்னால் போகும் செய்திகள்

ஸ்லைடில் அம்புக்குறி நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. உண்மையில் ‘வணக்கம்’ கிளம்புவதற்குள் ஐந்து ஃபிரேம்கள், அதாவது ஈதர்நெட் ஹெடர் ஒட்டிய ஐந்து பொதிகள், போய் வந்திருக்கும். இணைப்பு புதிதாகத் தொடங்கும்போது வயர்ஷார்க்கின் நீளப் பத்தியில் தெரியும் வரிசை இது.

```
ARP request   42
ARP reply     60
SYN           74
SYN, ACK      74
ACK           66
PSH, ACK      88
ACK           66
```

முதல் இரண்டு வரிகளைப் பார்ப்போம். அனுப்பும் கணினி தன் மாஸ்க்கை வைத்து 192.168.2.30 தன் வலையமைப்பில் இல்லை என்று முடிவு செய்கிறது. அப்படியானால் ரௌட்டரிடம் கொடுக்க வேண்டும். ரௌட்டரின் ஐபி முகவரி தெரியும்; ஈதர்நெட் ஃபிரேமில் எழுத அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி வேண்டும். அதற்குத்தான் ஆர்ப்: `Who has 192.168.1.1? Tell 192.168.1.20`. கேட்பது ரௌட்டரின் மேக்கை. பெறுபவரின் மேக் முகவரி அனுப்பும் கணினிக்குக் கடைசிவரை தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. தேர்வுத்தாளில் அதிகம் சறுக்கும் இடம் இது.

கேள்வி 42, பதில் 60 என்று நீளம் மாறுவது ஏன்? ஆர்ப் செய்தி 28 பைட், ஈதர்நெட் ஹெடர் 14, கூட்டினால் 42. ஆனால் ஈதர்நெட்டின் உள்ளடக்கம் 46 பைட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெற்றுப் பைட்டால் நிரப்ப வேண்டும். அந்த 18 பைட்டை நிரப்புவது பெரும்பாலும் நெட்வொர்க் கார்டோ அதன் டிரைவரோ. வயர்ஷார்க் பிடிப்பது அதற்கு முன்னாலேயே. அதனால் நாம் அனுப்பியது நிரப்பப்படாமலும், எதிரிலிருந்து வந்தது நிரப்பப்பட்டும் தெரிகிறது. மெய்நிகர் கணினிகளுக்குள் இந்தச் சோதனையைச் செய்தால் இரண்டுமே 42 ஆக இருக்கலாம். அங்கே உண்மையான கேபிளே இல்லை.

அடுத்த மூன்று வரிகள் டிசிபியின் கைகுலுக்கல். இதில்தான் நம் எட்டு பைட் புதிரின் முக்கியமான பாதி இருக்கிறது. செக்மென்ட் என்பது டிசிபி ஹெடரோடு கூடிய துண்டு; `SYN` உள்ள முதல் இரண்டு செக்மென்ட்டுகளில் இரு கணினிகளும் சில விருப்பத் தெரிவுகளைப் பேசி முடிவு செய்கின்றன. அவற்றில் ஒன்று டைம்ஸ்டாம்ப். போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத் துல்லியமாக அளக்க லினக்ஸ் இயல்பாகவே அதைக் கேட்கிறது. இரு பக்கமும் ஒப்புக்கொண்டால், அதன்பின் செல்லும் செக்மென்ட்டுகளில் 10 பைட் டைம்ஸ்டாம்ப்பும், நான்கின் மடங்காக்க 2 வெற்றுப் பைட்டும் சேரும். ஸ்லைடில் 20 பைட் என்று எழுதியிருக்கும் டிசிபி ஹெடர் இங்கே 32.

இப்போது கணக்கு நேராகிறது. ஸ்லைடின்படி: செய்தி 22, டிசிபி 20, ஐபி 20, ஈதர்நெட் ஹெடர் 14, வாலில் ஒட்டும் பிழைச் சோதனை எண் 4. மொத்தம் 80. திரையில்: டைம்ஸ்டாம்ப்புக்காக 12 கூடுகிறது. வாலில் உள்ள 4 பைட்டை நெட்வொர்க் கார்டு தானே ஒட்டி, பெறும் பக்கம் தானே சரிபார்த்துக் கழற்றிவிடுவதால் அது வயர்ஷார்க்குக்கு வருவதில்லை. 80 உடன் 12 கூட்டி 4 கழித்தால் 88.

கேபிளில் போவது இரண்டுமே இல்லை. அங்கே அந்த 4 பைட் உண்டு, ஃபிரேம் வருவதை அறிவிக்க முன்னால் 8 பைட் முன்னோட்டமும் உண்டு. 88, 4, 8: சரியாக 100 பைட், அதாவது 800 பிட். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 8 மைக்ரோவிநாடி. வாலில் உள்ள எண்ணைச் சரிபார்க்க முழு ஃபிரேமும் வந்துசேர வேண்டும் என்பதால் சாதாரண ஸ்விட்ச்சும் ரௌட்டரும் முழுதாக வாங்கிய பிறகே அடுத்த கேபிளில் விடுகின்றன. நம் பாதையில் நான்கு கேபிள்கள். கேபிளில் ஏற்றும் நேரம் மட்டுமே 32 மைக்ரோவிநாடி.

ரௌட்டரில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

முதல் ஸ்விட்ச் ஃபிரேமின் மேக் முகவரிகளைப் படிக்கிறது, அனுப்பியவர் கேபிள் செருகும் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது, ஒரு பைட்டையும் மாற்றாமல் ரௌட்டர் இருக்கும் போர்ட்டில் விடுகிறது. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

ரௌட்டர் அப்படியல்ல. ஃபிரேமின் பெறுநர் மேக் தன்னுடையது என்று பார்த்ததும் ஈதர்நெட் ஹெடரையும் வாலையும் கழற்றி எறிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஐபி ஹெடரைப் படித்து, 192.168.2.0 வலையமைப்பு தன் வலப்பக்கம் இருப்பதைக் கண்டு, அந்தப் பக்கம் தேவைப்பட்டால் தானும் ஓர் ஆர்ப் கேள்வி கேட்டு, புத்தம்புது ஈதர்நெட் ஹெடரை எழுதுகிறது. அனுப்புநர் மேக் இப்போது ரௌட்டரின் வலப்பக்க முகவரி. பெறுநர் மேக் 192.168.2.30-உடையது. பழைய ஃபிரேமின் எந்தப் பகுதியும் மிச்சமில்லை. ஸ்லைடில் ஒரே கோடாக வரைந்திருப்பது உண்மையில் இரண்டு தனி ஃபிரேம்கள், ஒரே ஐபி பாக்கெட்டைச் சுமந்தவை.

அந்த ஐபி பாக்கெட்டும் முழுக்க அப்படியே இருப்பதில்லை. ரௌட்டருக்கு முன்னும் பின்னும் அதன் 20 பைட் ஹெடரை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

```
45 00 00 4a 1a 2b 40 00 40 06 9c 00 c0 a8 01 14 c0 a8 02 1e
45 00 00 4a 1a 2b 40 00 3f 06 9d 00 c0 a8 01 14 c0 a8 02 1e
```

மூன்றாவது, நான்காவது பைட்டுகள் 004a, அதாவது பாக்கெட்டின் மொத்த நீளம் 74. கடைசி எட்டு பைட் இரு ஐபி முகவரிகள், மாறவில்லை. மாறியவை இரண்டே. ஒன்பதாவது பைட் 40-இலிருந்து 3f, அதாவது 64-இலிருந்து 63. இதுதான் டிடிஎல். வழி தவறிய பாக்கெட் வலையமைப்பில் முடிவில்லாமல் சுற்றாதபடி ஒவ்வொரு ரௌட்டரும் ஒன்றைக் குறைக்கிறது. ஒரு பைட் மாறியதால் ஹெடரின் செக்சமும் மாற வேண்டும்: 9c00 இப்போது 9d00. ஹெடரை இரண்டிரண்டு பைட்டாகக் கூட்டி, தலைகீழாக்கி வைக்கும் எண் அது. டிடிஎல் அந்த ஜோடியின் முதல் பைட்டில் இருப்பதால், ஒன்று குறையும்போது கூட்டுத்தொகை 0100 குறைகிறது, தலைகீழான செக்சம் 0100 கூடுகிறது. பேப்பரும் பென்சிலும் போதும், கூட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ரௌட்டரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியிருந்ததால்தான் ஐபி பதிப்பு 6-இல் இந்தச் செக்சத்தையே எடுத்துவிட்டார்கள்.

டிசிபி ஹெடரை ரௌட்டர் தொடவில்லை. போர்ட் 5000 என்பது எதற்கு என்றே அதற்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டு ரௌட்டரில் மட்டும் கதை வேறு. அங்கே முகவரியை மாற்றித் தரும் நாட் இயங்குவதால் அனுப்புநர் ஐபியும் பெரும்பாலும் போர்ட்டும் மாற்றி எழுதப்படுகின்றன. டிசிபியின் செக்சம் கணக்கிடும்போது ஐபி முகவரிகளையும் சேர்த்தே கூட்டுவது விதி என்பதால் அதையும் திருத்தியாக வேண்டும். மூன்றாவது அடுக்கில் நிற்க வேண்டிய கருவி நான்காவதுக்குள் கைவைக்கிறது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் மறைவானவை என்ற ஸ்லைடு வாக்கியத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தித்தான் படிக்க வேண்டும்.

பெறும் கணினியில் ஏறுவது எளிது. ஒவ்வொரு ஹெடரிலும் ‘மேலே யாரிடம் கொடுப்பது’ என்று ஓர் எண் இருக்கிறது. ஈதர்நெட் ஹெடரில் 0800 இருந்தால் ஐபியிடம். ஐபி ஹெடரில் 06 இருந்தால் டிசிபியிடம். டிசிபி ஹெடரில் போர்ட் 5000 என்றால் அங்கே காத்திருக்கும் nc-இடம்.

எந்த அடுக்கில் நின்றது என்று கண்டுபிடிப்பது

செய்தி போய்ச் சேரவில்லை என்றால், `nc -v` தரும் பிழைச் செய்தியே அடுக்கை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

`Connection refused` வந்தால் பொதுவாகக் கீழ் மூன்று அடுக்குகளும் நலம். பாக்கெட் எதிர்க்கணினி வரை போய், 5000-இல் கேட்க யாரும் இல்லாததால் அங்கிருந்து இணைப்பை மறுக்கும் `RST` திரும்பி வந்திருக்கிறது. பலர் இதைப் பார்த்ததும் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். அங்கே nc ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒன்றும் சொல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் நின்று `Connection timed out` வந்தால், `SYN` போகிறது, எந்தப் பதிலும் வரவில்லை. வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். ஆய்வகங்களில் இன்னொரு காரணம் இதைவிட அடிக்கடி வரும்: பெறும் கணினியில் கேட்வே, அதாவது ரௌட்டரின் முகவரி, கொடுக்க மறந்திருப்பார்கள். `SYN` போய்ச் சேர்ந்துவிடும், பதில் திரும்ப வழி தெரியாது. பெறும் கணினியிலும் வயர்ஷார்க் ஓடவிட்டு, `SYN` அங்கே தெரிகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று ஓரளவு பிரிந்துவிடும்.

`No route to host` கொஞ்சம் ஏமாற்றும். மூன்று விநாடி போல நின்றுவிட்டு இது வந்தால், யாரோ ஒருவருடைய ஆர்ப் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். யாருடைய கேள்வி என்பதே முக்கியம். எதிர்க்கணினி அணைந்திருந்தால் ரௌட்டர் கேட்டுப் பார்த்து அலுத்து, பிழைச் சேதிகளுக்கான ஐசிஎம்பி வழியாக அனுப்பும் கணினிக்குச் சேதி சொல்லும். ஆனால் பிடித்த பட்டியலில் `Who has 192.168.2.30? Tell 192.168.1.20` என்று மூன்று முறை தெரிந்தால், கேட்பது அனுப்பும் கணினியே. அது பக்கத்து வலையமைப்பில் இருப்பவரைத் தன் வலையமைப்பில் தேடுகிறது. மாஸ்க்கில் /24-க்குப் பதில் /16 என்று கொடுத்திருப்பார்கள். ஆர்ப் கேள்வி ரௌட்டரைத் தாண்டாது என்பதால் பதில் வராது. சில ரௌட்டர்களில் ப்ராக்ஸி ஆர்ப் இயங்கும். அது எதிர்க்கணினி சார்பில் தானே பதில் சொல்லிவிடும். செய்தி போய்விடும், தவறான மாஸ்க் வெளியே தெரியாமல் அப்படியே கிடக்கும், வேறு ரௌட்டர் வைக்கும் நாள்வரை.

பிழையே இல்லாமல் பிழைபோலத் தெரிவதும் உண்டு. `tcpdump -vv` அனுப்பும் கணினியில் பிடித்த டிசிபி செக்மென்ட்டுகளுக்கு `incorrect` என்று செக்சத்தைக் குறை சொல்லும். இப்போதைய நெட்வொர்க் கார்டுகள் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன; கார்டுக்குப் போகும் முன் பிடித்ததால் இடம் இன்னும் நிரம்பவில்லை. அதே பாக்கெட்டைப் பெறும் பக்கம் பிடித்தால் சரியாக இருக்கும். அனுப்பும் பக்கம் 1514 பைட்டைவிடப் பெரிய ஃபிரேம்கள் தெரிவதும் இதே வகை. வெட்டும் வேலையையும் கார்டு எடுத்துக்கொண்டிருக்கிறது.

483-ஆவது குறியீடு

நம் செய்தி 22 பைட் என்பதால் ஒரே செக்மென்ட்டில் அடங்கிவிட்டது. இடைவெளியோ வரி முடிவோ இல்லாத நீண்ட தமிழ் எழுத்துச்சரம் ஒன்றை அனுப்பினால் என்ன ஆகும்? ஈதர்நெட்டில் ஐபி பாக்கெட்டுக்கு 1500 பைட் இடம். ஐபி ஹெடருக்கு 20, டைம்ஸ்டாம்ப்போடு டிசிபி ஹெடருக்கு 32 போக, செக்மென்ட்டுக்கு 1448 பைட். தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்; 1448 மூன்றால் வகுபடாது. 482 குறியீடுகள் முழுதாக ஏறி 1446 பைட் ஆகும். 483-ஆவதின் முதல் இரண்டு பைட் இந்தச் செக்மென்ட்டில், மூன்றாவது பைட் அடுத்ததில்.

டிசிபியின் பக்கம் இதில் பிழை இல்லை. அதற்கு எழுத்தும் தெரியாது, செய்தியின் எல்லையும் தெரியாது; வரிசை தவறாத பைட் ஓட்டம் ஒன்றைத்தான் அது தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இணைப்பிலிருந்து பைட்டுகளை வாங்கும் `recv` ஒவ்வொரு முறை தருவதையும் ஒரு முழுச் செய்தியாக நினைத்து அங்கேயே யூடிஎஃப்-8 ஆகப் படிக்கும் நிரலில், வெட்டுப்பட்ட இடத்தில் `�` விழும், அல்லது நிரலே பிழை சொல்லி நின்றுவிடும். எப்போதும் விழாது; இரண்டு செக்மென்ட்டும் சேர்ந்தே வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரே கணினிக்குள் சோதித்தால் தெரியவே தெரியாமல் போகலாம், அந்த உள் இணைப்பின் பாக்கெட் வரம்பு லினக்ஸில் 65536 பைட். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கும் தெரியாது, அங்கே எழுத்துக்கு ஒரு பைட்தான்.

பைத்தானில் இதற்குத் தீர்வு ஒரே டிகோடரை இணைப்பு முடியும்வரை வைத்திருப்பது. முழுமை பெறாத பைட்டுகளை அது தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சம் வந்ததும் எழுத்தாக்கித் தரும். கீழே `s` என்பது ஏற்கெனவே இணைந்திருக்கும் சாக்கெட்.

```
import codecs
d = codecs.getincrementaldecoder('utf-8')()
while (b := s.recv(4096)):
    print(d.decode(b), end='')
```

ஸ்லைடில் ஆறாவது பெட்டியில் இருக்கும் வேலை இந்த நான்கு வரிகளில் நடக்கிறது.